சாமி வளைவில் ஐந்து நிமிஷம்

ஏசுதாசனுக்குப் பொய் சொல்ல வராது என்று செமிலிங் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சும்மா சொல்லக்கூடாது, அது பெரும்பாலும் உண்மைதான். ஐம்பத்தொரு வயசு வரைக்கும் அந்த மனுஷன் பெரிதாக ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதுவும் பெண் விஷயமில்லை, குடி விஷயமில்லை. ஒரு வேனின் கியர்பெட்டியைப் பற்றி.

ஆள் பெடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் பால் லோரியில் கிளீனராக ஏறி, லோரி டிரைவராகி, அறுபத்தொன்பதில் சுங்கைப் பட்டாணி நடராஜாவிடம் வந்து சேர்ந்தார். நடராஜா வாடகைக்கு வண்டிகள் ஓட்டும் முதலாளி. புக்கிட் லாலாங் மலை உச்சியில் இருந்த விடுதிக்கு ஆள் ஏற்றி இறக்கும் கொந்திராக்டு அவர் கையில் இருந்தது. சமையல்காரப் பெண்கள், துப்புரவு செய்கிறவர்கள், தோட்டக்காரர்கள் எல்லாரும் காலை ஆறரைக்கு அடிவாரத்தில் நிற்பார்கள். அவர்களை மேலே கொண்டுபோய்விட்டு, நடுவில் அரிசி, சமையல் காஸ் தோம்பு, விருந்தாளிகள் என்று ஒரு நடை, மாலை நாலு மணிக்கு மறுபடி ஆட்களை இறக்க ஒரு நடை. ஆறு மைல் மலைப்பாதை, பத்தொன்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளம். இதில் பதினாலு வருஷம்.

பதினாலு வருஷமும் ஓட்டியது ஒரே லேண்ட் ரோவர். டீசல். பார்த்தால் தகரப்பெட்டி, சத்தம் கேட்டால் காது அடைக்கும், சமதரையில் சைக்கிள்காரன்கூட எரிச்சலோடு பெல் அடிப்பான். ஆனால் மலையில் அதன் குணமே வேறு. இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே அதற்கு இழுவை வந்துவிடும். வளைவில் ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்தாலும் திணறாது. சின்ன கியரில் போட்டுவிட்டால் பதினோரு பேரைத் தூக்கிக்கொண்டு முனகாமல் ஏறும். இறங்கும்போது அதே சின்ன கியர் வண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் லேசாகத் தொட்டால் போதும். ஏசுதாசன் அந்தப் பதினாலு வருஷத்தில் பிரேக் சூடேறிய வாசனையை முகர்ந்ததே இல்லை.

அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏசுதாசனின் இடது முட்டிதான் போனது.

கிளட்ச் என்றால் இந்தக் காலத்துக் கிளட்ச் இல்லை. முழு பலத்தையும் கொடுத்து மிதிக்க வேண்டும். ஒரு வளைவுக்கு இரண்டு தடவை என்று வைத்தாலும் ஏற இறங்க எத்தனை மிதி, மூன்று நடைக்கு எத்தனை மிதி, பதினாலு வருஷத்துக்கு எத்தனை. எண்பத்திரண்டாம் வருஷக் கடைசியில் ராத்திரி படுத்தால் முட்டிக்குள்ளே மணல் அரைகிற மாதிரி இருந்தது. மனைவி ரோசம்மா தைலம் தேய்த்துத் தேய்த்து அலுத்துப் போனாள். டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் இந்தக் காலால் கிளட்ச் மிதிக்காதே என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

"முதலாளிகிட்ட சொல்லிருங்களேன்," என்றாள் ரோசம்மா.

"வாயை மூடு," என்றார். அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஏசுதாசனுக்கு ஒன்பது வயசில் அவருடைய அப்பா, ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக உருட்டும் கொட்டகையில் கையை ரோலரில் விட்டுவிட்டார். மூன்று விரல் போயிற்று. கங்காணியிடம் போய், இனிமேல் என்னால் மரம் சீவ முடியாதுங்க, வேறு வேலை கொடுங்க என்று அந்த அப்பாவி கேட்டார். கேட்ட எட்டாம் நாள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சட்டி பானையோடு ரோட்டில் நின்றது ஏசுதாசனுக்கு மறக்கவே இல்லை. உடம்பில் குறை என்று முதலாளியிடம் வாயைத் திறந்தால் மறுவாரம் வீடு இருக்காது. இதுதான் அவர் படித்த படிப்பு. நடராஜா வெள்ளைக்காரத் துரை இல்லையே, தோட்டமும் இல்லையே என்று யோசித்துப் பார்த்திருக்கலாம். பயந்தவனுக்கு யோசனை எங்கே வரும்.

எண்பத்து மூன்றில் லேண்ட் ரோவரின் அடிச்சட்டம் விரிசல் விட்டது. ஒட்டுப்போட்டாலும் தாங்காது என்றார்கள். வேறு வண்டி வாங்க வேண்டியதாயிற்று.

சுங்கைப் பட்டாணியில் மெக்கானிக் அப்பளசாமியின் பட்டறை வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. இரண்டும் ஜப்பான்காரன் செய்த காடி. ஒன்று டீசல், கையால் கியர் போடுவது, முதல் கியர் நன்றாகச் சின்னது. இன்னொன்று பெட்ரோல், சிங்கப்பூரிலிருந்து வந்தது, ஆட்டோ கியர். கிளட்ச் பெடலே கிடையாது. ஏசுதாசன் கதவைத் திறந்து கீழே பார்த்தார். இடது கால் வைக்கிற இடத்தில் வெறும் ரப்பர் பாய்தான் இருந்தது. இடது காலைத் தூக்கி அந்தப் பாய்மேல் வைத்துப் பார்த்தார்.

நடராஜா நல்ல முதலாளி. "அண்ணே, மலை ஏறுறது நீங்க. எனக்கு என்ன தெரியும்? நீங்க எதைச் சொல்றீங்களோ அதை எடுத்துக்குவோம் லா," என்றார்.

அப்பளசாமி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கேட்காமலே ஆரம்பித்தார். "இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? டீசல்தான். பெட்ரோல்ல தொண்ணூத்தஞ்சு குதிரைச் சக்தின்னு எழுதியிருக்கான். அந்தக் குதிரையெல்லாம் இஞ்சின் அஞ்சாயிரம் சுத்து சுத்துறப்பதான் வரும். அண்ணன் வளைவுல திரும்புறப்ப ஆயிரத்தைந்நூறு சுத்துகூட இருக்காது. அங்க இழுவை வேணும். டீசலுக்கு அறுபத்தஞ்சு குதிரைதான், ஆனா இரண்டாயிரம் சுத்துலயே முழு இழுவையும் வந்துரும். அப்புறம் ஆட்டோ கியர். அதுக்குள்ள எண்ணெய்தான் இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல சுத்துறது. மெதுவா, பாரத்தோட, ஆறு மைல் ஏத்தம்னா எண்ணெய் வழுக்கி வழுக்கிச் சூடாயிரும். இறக்கத்துல இன்னும் மோசம். காலை எடுத்தா அது தானா பெரிய கியருக்குப் போயிரும். வண்டியைப் பிடிக்கிறதுக்கு ஆளே இல்ல, பிரேக் மட்டும்தான்."

ஒவ்வொரு வார்த்தையும் சரி. ஏசுதாசனுக்கு இது அப்பளசாமி சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவருக்கே நூறு தடவை சொல்லித்தரத் தெரியும்.

"பெட்ரோலே எடுத்துக்குவோம் முதலாளி," என்றார். "தொண்ணூத்தஞ்சு குதிரை இருக்கு. ஆட்டோ கியர்ல ரெண்டு கையும் ஸ்டேரிங்லயே இருக்கும், வளைவுக்கு அதான் நல்லது. காடி தானா ஓடும்."

அப்பளசாமி துடைக்கிறதை நிறுத்திவிட்டார். "நீங்களாண்ணே பேசுறது?" என்றார்.

"நாந்தான்."

"நம்ம அண்ணன் சொன்னா சரிதான்," என்றார் நடராஜா. பதினாலு வருஷம் வண்டியில் கீறல் விழாமல் ஓட்டிய ஆளின் வாய்ச்சொல். அதற்கு மேல் யார் என்ன பேசுவது.

அந்த வேனை ஏசுதாசன் பதினாலு மாசம் ஓட்டினார். ஓட்டினார் என்றா சொல்வது? நோயாளியைக் கவனிக்கிற மாதிரி கவனித்தார். அடிவாரத்திலேயே லிவரைச் சின்ன கியருக்குத் தள்ளிவிடுவார், அது தன் இஷ்டத்துக்கு மேலும் கீழும் மாறி எண்ணெயைக் கொதிக்க வைக்காமல் இருக்க. இறங்கும்போது உச்சியிலேயே 'எல்' என்று எழுதியிருந்த கடைசிக் கியர். எதிரே காலியாகச் சரிவு கிடந்தாலும் அவர் நத்தை மாதிரிதான் வருவார். மாசா மாசம் கியர் எண்ணெயைச் சொட்டு எடுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பார். கருகல் வாசனை வந்தால் தன் கைக்காசில் மாற்றிவிடுவார், முதலாளிக்குத் தெரியாமல்.

அப்படியும் போதவில்லை. வேனும் ஆட்களும் சேர்ந்த பாரத்துக்கு 'எல்' கியர்கூட லேண்ட் ரோவர் மாதிரி பிடிக்காது. பிரேக்கும் கொஞ்சம் மிதித்தாக வேண்டும். பாதி மலையில் ஐந்து நிமிஷம் நிறுத்தி ஆறவிடணும். ஏறும்போது கியர்பெட்டிக்காக, இறங்கும்போது பிரேக்குக்காக. ஆனால் தினமும் நிறுத்தினால், ஏன் நிற்கிறது, இதுதான் தானா ஓடுகிற காடியா என்று கேட்பார்களே.

நடுமலையில் சாமி வளைவு என்று ஒரு இடம் உண்டு. அகலமான சமதரை, ஒரு பெரிய மரம், அதன் கீழே முனியாண்டியின் சூலம், சிவப்புத் துணி. லோரிக்காரர்கள் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், சுருட்டுப் பற்றவைத்து விடுவார்கள். ஏசுதாசன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாத கத்தோலிக்கர், கழுத்தில் ஜெபமாலை. அந்த மனுஷன் தினமும் அங்கே வேனை நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, இறங்கி, சூலத்துக்கு முன்னால் கை கட்டி நின்றார். கண்ணை மூடிக்கொண்டு முந்நூறு எண்ணுவார். எண்ணி முடித்ததும் டயர் பார்க்கிற மாதிரி குனிந்து சக்கரத்துப் பக்கம் கையைக் காட்டிச் சூடு பார்ப்பார்.

சமையல்காரி மருதம்மாளுக்கு இது பெரிய தமாஷ். ஐம்பது வயசு, வாய் ஓயாது. "அண்ணே, உங்க ஏசுநாதருக்கு இது தெரியுமா? நான் போய்ச் சொல்லிருவேன்," என்பாள்.

"ரெண்டு பேரும் பேசிக்கட்டும்," என்பார் ஏசுதாசன்.

"கெட்டிக்காரர் லா நீங்க. ரெண்டு கடையிலயும் கணக்கு வச்சிருக்கீங்க."

வேன் முழுக்கச் சிரிப்பார்கள். விஷயம் மாதா கோயில் வரைக்கும் போய்விட்டது. சபைப் பெரியவர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஏசுதாசன் தலையைக் குனிந்துகொண்டார். சிலை வணங்கி என்ற பெயர் வந்தாலும் சரி, கால் போனவன் என்ற பெயர் வரக்கூடாது. பாவி மனுஷன், அவமானத்தில்கூட எது மலிவு என்று பார்த்து வாங்கினார்.

எண்பத்து நாலு அக்டோபரில் முட்டி வீங்கி, கால் மடக்க முடியாமல் போயிற்று. சுங்கைப் பட்டாணி டாக்டர் நீர் எடுக்க வரச் சொன்னார். தஞ்சோங் டாவாயில் சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானம் என்று முதலாளியிடம் ஒரு நாள் லீவு கேட்டார். பதிலாள் யார்? ரோசம்மாவின் தம்பி கென்னத். இருபத்தேழு வயசு, லைசென்சு உண்டு, நடராஜாவின் டவுன் வேன்களைப் பதிலுக்கு ஓட்டுகிறவன். நல்ல பையன். அந்த வருஷம்தான் ஜெபக்கூட்டங்களில் சேர்ந்து பக்தி முற்றியிருந்தது.

முதல் நாள் சாயங்காலம் சாவி வாங்க வீட்டுக்கு வந்தான். ரோசம்மா கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாள்.

"எறங்கறப்ப லிவரை எல்-ல போட்டுக்கோ," என்றார் ஏசுதாசன்.

"ஏன் அத்தான்? தானா ஓடும்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க."

"ஓடும். இருந்தாலும் போட்டுக்கோ. சாமி வளைவுல அஞ்சு நிமிஷம் நில்லு."

கென்னத் சிரிக்கவில்லை. முகம் இறுகிவிட்டது. "அது மட்டும் என்னால முடியாது அத்தான். நீங்க பெரியவங்க, உங்களை நான் ஒண்ணும் சொல்லல. நான் சூலத்துக்கு முன்னால நிக்க மாட்டேன்."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். சாமிக்கு இல்லடா, பிரேக்குக்கு. அவ்வளவுதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியா, அப்ப ஏன் இந்த வண்டியை வாங்கச் சொன்னீங்க என்பது. கென்னத் நடராஜாவின் ஆபீஸில் தினமும் உட்கார்ந்து எழுகிற பையன். ஏசுதாசன் ரோசம்மாவைப் பார்த்தார். அவள் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் இஷ்டம்," என்றார்.

நடந்ததைப் பிறகு புஷ்பவள்ளிதான் சொன்னாள். துப்புரவுப் பெண், முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவள். காலை நடையில் ஒன்றுமில்லை. மாலையில் ஒன்பது பேரோடு இறங்கினார்கள். கென்னத் ஜாக்கிரதையாகத்தான் ஓட்டினான். ஆனால் லிவர் சாதாரண ஓட்டத்துக்கான 'டி'யிலேயே இருந்தது. அவன் காலை எடுக்க எடுக்க வண்டி தானாகப் பெரிய கியருக்கு மாறிச் சரசரவென்று வேகம் பிடித்தது. அவன் மிதிமிதியென்று பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். எட்டு வளைவு தாண்டியதும் ஏதோ தீய்ந்த நாற்றம். விடுதியில் குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தாளாம்.

சாமி வளைவு வந்ததும் மருதம்மாள், "தம்பி, இங்க நிக்கணும் லா," என்றாள்.

"நம்ம சாமி வேறக்கா," என்று கென்னத் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த இரண்டாவது வளைவுக்கு முன்னால் பெடல் கால்பலகை வரைக்கும் போய்விட்டது. பிரேக் தகடு சூட்டில் பிடிப்பு விட்டிருந்தது, பிரேக் எண்ணெயும் கொதித்துவிட்டது. அப்போதுதான் அவன் லிவரை 'எல்'லுக்கு இழுத்தான். அந்த வேகத்தில் கியர்பெட்டி முதல் கியரைக் கொடுக்காது, அதன் அமைப்பே அப்படி, இரண்டாவதைத்தான் கொடுத்தது. இஞ்சின் அலறியது, வண்டி அடங்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தான், அதுவும் அதே காய்ந்த பின் சக்கரங்களைத்தானே பிடிக்கணும். கடைசியில் பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் ஸ்டேரிங்கை ஒடித்து மண்சுவரில் மோதினான். மற்ற எட்டுப் பேர் பிழைத்தது அந்த ஒடிப்பால்தான். கதவோரம் இருந்த மருதம்மாள் அங்கேயே போய்விட்டாள். கென்னத்துக்கு இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது.

ஏசுதாசன் அந்த நேரத்தில் முட்டியில் கட்டோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். நீர் எடுத்ததில் வலி குறைந்து, பல மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக மனசு லேசாக இருந்தது.

போலீசில் கேட்டார்கள்: லிவரை எல்-ல போடச் சொல்லித் தந்தீர்களா?

"சொன்னேன்," என்றார். பொய்யில்லை. எழுதிக்கொண்டார்கள். டிரைவரின் கவனக்குறைவு என்றாயிற்று. கென்னத்தின் லைசென்சு போயிற்று, கோர்ட்டு வழக்கு வந்தது.

ஊர் வேறு தீர்ப்புக் கொடுத்தது. தினமும் கும்பிட்டு நின்ற கிழவர் பதினாலு மாசம் பத்திரமாக இறங்கினார். நிற்க மாட்டேன் என்றவன் ஒரே நாளில் கொண்டுபோய் மோதினான். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? சூலத்துக்குச் சிமெண்டு மேடை கட்டினார்கள், தகரக் கூரை போட்டார்கள். மருதம்மாளின் மகன்கூட வந்து கல் தூக்கினான்.

அப்பளசாமி மட்டும் நொறுங்கிய வேனின் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தார். சூட்டில் நீலம் பாரித்திருந்தது. அதை ஏசுதாசனின் காலடியில் வைத்தார். "நீங்க சாமி கும்பிடல, இல்லண்ணே?" என்றார். அப்பளசாமி அதற்குப் பிறகு அவரோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாசம் கழித்து நடராஜா கூப்பிட்டனுப்பினார். கொந்திராக்டு இன்னும் இருந்தது, வேறு வண்டி எடுக்கணும். "இந்தத் தடவையும் நீங்கதான் சொல்லணும்ணே. உங்க கையில அந்த வேன் நல்லாத்தானே ஓடுச்சு. அதே மாதிரி எடுக்கவா?"

"வேண்டாம். டீசல். கை கியர். முதல் கியர் சின்னதா இருக்கிறதாப் பார்த்து," என்றார் ஏசுதாசன். சொல்லிவிட்டு, தரையைப் பார்த்து, "அதை என்னால ஓட்ட முடியாது முதலாளி. எனக்கு முட்டி போயிருச்சு. ரெண்டு வருஷமாச்சு," என்றார்.

நடராஜா நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"ரெண்டு வருஷமாவா? அட என்னண்ணே நீங்க. போன வருஷம் ஜனவரியில பெடோங் பள்ளிக்கூட வேனுக்கு ஆள் கிடைக்காம நாய் படாத பாடு பட்டேனே. சமதரை, காலையில ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. கால் வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களை அங்க மாத்திட்டு மலைக்கு வேற ஆளைப் போட்டிருப்பேன். இதுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா?"

அவர் அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். போ வெளியே என்றிருந்தால் அப்பாவின் கதைதான் என்று ஆறுதலாவது இருந்திருக்கும். அவரோ, மறுவாரத்திலிருந்து பள்ளிக்கூட வேனுக்கே வந்துவிடச் சொல்லிக் கோப்பி வரவழைத்துக் கொடுத்தார். ஏசுதாசன் அந்தக் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கென்னத்தைப் பார்க்கப் போனார். இரண்டு கட்டைக்கு நடுவே தொங்கிக்கொண்டுதான் அவனால் வாசல் வரைக்கும் வர முடிந்தது. ஜெபக்கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டான் என்று ரோசம்மா சொல்லியிருந்தாள். எல்லாவற்றையும் இன்று கொட்டிவிடுவது என்று ஏசுதாசன் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

கென்னத் முந்திக்கொண்டான். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தான்.

"அத்தான், மலைக்குப் போற லோரிக்காரன்கிட்ட குடுத்து விட வெக்கமா இருக்கு. நீங்களே ஒரு தடவை போய் வச்சிட்டு வாங்க. நான் அன்னைக்கு நின்னிருக்கணும். மருதம்மாக்கா சொன்னாங்க, நான்தான் கேக்கல. முனிகிட்ட என் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க."

ஏசுதாசன் வாயைத் திறந்தார். ஒரே வார்த்தைதான், அன்றைக்குச் சொல்லாமல் விட்ட அதே வார்த்தை. உள்ளேயிருந்து கென்னத்தின் அம்மா, மாப்பிள்ளை வந்திருக்கிறார், நாற்காலி போடு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"குடு," என்று பழத்தை வாங்கிக்கொண்டார். "வச்சிடறேன்."